அம்மாவின் முழங்காலை அலுவலக மின்னஞ்சலில் எழுதாதீர்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 37 வயது. சாங்கி பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் எக்ஸிகியூட்டிவ். கிடங்கின் மென்பொருளை மாற்றும் வேலை, மாதாந்தர பில்லிங், புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி என்று ஏற்கனவே வாரம் 50 மணி நேரம் ஓடுகிறது. இப்போது மேலாளர், புது வாடிக்கையாளர் ஒருவரைச் சேர்க்கும் ஆறு வார வேலையையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். நல்ல மனுஷி, ஆண்டு இறுதி போனஸும் அவர் கையில்தான். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பிசியோதெரபி நடக்கிறது. அதைக் காரணமாகப் போட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன், படித்தால் யாருக்கும் கோபம் வராது. (அம்மா யீஷூனில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணிதான் கூட்டிப் போய் வருகிறார்.) ஆனாலும் அனுப்பக் கை வரவில்லை. மனம் கோணாமல் எப்படி மறுப்பது?
- வாசகி, பொங்கோல்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அந்த வரியைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். அம்மாவைக் கூட்டிப் போவது அண்ணி. அந்த அலைச்சலைக் காட்டி அலுவலகத்தில் அனுதாபம் வாங்கப் போவது நீங்கள். அனுப்பக் கை வராததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். பெற்றவளின் நோவைச் சாக்காக எடுத்து எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. கூட இருந்து பார்க்கிற மகளுக்கே அது அழகல்ல. நீங்கள் கூடவும் இல்லை.

சரி, அதை விடுங்கள், வேலைக் கணக்காகவே பாருங்கள். அதிலும் இந்தக் காரணம் நிற்காது. உங்கள் மேலாளர் நல்ல மனுஷி என்கிறீர்கள். நல்ல மனுஷி என்ன செய்வார்? "ஐயோ, பாவம், அம்மாவைப் பாருங்கள், இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம்" என்பார். முழங்கால் குணமாகும், உங்கள் பில்லிங் குறையாது. இரண்டு வாரம் கழித்து மறுக்க உங்களிடம் என்ன காரணம் மிச்சம் இருக்கும்? இன்னொன்றும் நடக்கும். வீட்டில் சிரமம் உள்ளவர் என்று உங்கள் பெயருக்கு நேரே அவர் மனத்தில் ஒரு குறிப்பு விழும். அடுத்து நீங்கள் ஆசைப்படும் வேலை வரும்போது, இரக்கப்பட்டே அதை வேறொருவருக்குக் கொடுப்பார். இதற்கெல்லாம் மேலாக, வழக்கமான 44 மணி நேர வாரத்துக்குள் முடிய வேண்டிய இடத்தில் 50 மணி நேர வேலை உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தி அதுதான்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்காதீர்கள். மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்ற வரம்பு சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதி, மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் 2,600 வெள்ளிக்கு மேற்படாத மற்ற ஊழியர்களுக்கும்தான். மேலாளர், எக்ஸிகியூட்டிவ் பதவியில் இருப்பவர்களுக்குக் கிடையாது. உங்கள் நேரத்துக்கு எல்லை போட வேண்டியது நீங்கள்தான்.

ஆகவே முதலில் ஒரு தாளில் மணிக் கணக்கு எழுதுங்கள். போன இரண்டு வார நாட்காட்டியைப் பார்த்து எழுத வேண்டும், நினைவிலிருந்து எழுதினால் எல்லோரும் கூட்டித்தான் எழுதுவோம். உங்களுக்காக ஒன்று போட்டுப் பார்க்கிறேன்: மென்பொருள் மாற்றத்துக்கு 22 மணி, பில்லிங்குக்கு 14, பயிற்சிக்கு 6, கூட்டங்களுக்கும் மின்னஞ்சல்களுக்கும் 8. ஆக 50. புது வேலை வாரம் 10 மணி கேட்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? மென்பொருள் மாற்றத்தில் தள்ளிப்போட்டாலும் உடனே தெரியாத ஒன்று, எந்தச் சரக்கு எந்தத் தட்டில் என்ற பட்டியலைச் சரிபார்ப்பது. நெருக்கடியில் முதலில் அதில்தான் கை வைப்பீர்கள். புது மென்பொருள் ஓடத் தொடங்கும் நாளில், திரையில் இருக்கும் சரக்கு தட்டில் இருக்காது. அதற்குப் பழி உங்களுக்கும் மேலாளருக்கும் சேர்த்துத்தான் வரும். உங்கள் மறுப்பின் உயிர் இங்கே இருக்கிறது. "எனக்கு முடியவில்லை" என்பது உங்கள் கஷ்டம். "இந்தத் தேதி தவறும்" என்பது அவருடைய கவலை. அதைச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் உங்களை நம்பி வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருப்பார். கெட்ட பெயர் மறுப்பதால் வருவதைவிடப் பிந்தி மறுப்பதால்தான் அதிகம் வருகிறது. நாளை காலை அவரை நேரில் பார்த்து, "இந்த வேலையைப் பற்றி உங்களுக்கு ஒரு மெயில் அனுப்புகிறேன், இப்போது எடுப்பது சிரமம்" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிடுங்கள். பிறகு அதே நாளில் அனுப்புங்கள். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். அவருடைய மேலதிகாரியை நகலில் சேர்த்தால் அது புகாராகிவிடும்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். பொருளைத் தமிழில் தருகிறேன், வரிசை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். தேதிகளும் மற்ற விவரங்களும் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"தலைப்பு: புது வாடிக்கையாளர் சேர்ப்பு - என் நிலைமை

வணக்கம். இந்த வேலைக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. இப்போது என்னால் இதை எடுத்துக்கொள்ள முடியாது.

புது மென்பொருள் நவம்பர் 14 அன்று ஓடத் தொடங்குகிறது. அதற்கும் பில்லிங்குக்கும் பயிற்சிக்கும் கூட்டங்களுக்கும் மின்னஞ்சல்களுக்குமாக வாரம் 50 மணி நேரம் ஆகிறது. இன்னும் 10 மணி நேரம் சேர்த்தால் சரக்குப் பட்டியலைச் சரிபார்க்க நேரம் இருக்காது, நவம்பர் 14 தவறிவிடும்.

புது வாடிக்கையாளர் வேலை காத்திருக்க முடியுமென்றால், நவம்பர் 24 முதல் நானே முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன். காத்திருக்க முடியாதென்றால், வேறொருவர் தொடங்கட்டும். போன ஆண்டு நான் பயன்படுத்திய சேர்ப்புப் பட்டியலைத் தருகிறேன், அவருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்குகிறேன்.

எது உங்களுக்கு வசதி என்று வியாழனுக்குள் சொன்னால் அதற்கேற்ப என் நேரத்தை ஒதுக்குவேன்."

இவ்வளவுதான். மறுப்பு முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நம்மவர்கள் மூன்று பத்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு நான்காவதில் "முயன்று பார்க்கிறேன்" என்று முடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கிற மேலாளருக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் மனத்தில் நிற்கும், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. மென்பொருள் தொடங்கும் நாளிலிருந்து பத்து நாள் தள்ளி 24 என்று போட்டதற்கும் காரணம் உண்டு. தொடங்கிய முதல் வாரம் பிழைகள் வரும், அதைத் தீர்க்கும் நேரத்தையும் நீங்கள் வைத்திருக்க வேண்டும். அப்புறம், உதவி என்று நீங்கள் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் என்ற எல்லை போட்டிருக்கிறேன். "எந்த உதவி வேண்டுமானாலும் கேட்கச் சொல்லுங்கள்" என்று எழுதினீர்கள் என்றால், மறுத்த வேலையில் பாதி உங்கள் மேசைக்கே திரும்பி வரும்.

"எப்படியாவது செய்து கொடுங்களேன்" என்று அவர் பதில் எழுதலாம். அப்போது மறுப்பை இன்னும் குழைவாகத் திரும்ப எழுதாதீர்கள். "சரி, இதை எடுக்கிறேன். அப்படியென்றால் நவம்பர் 14-ஐத் தள்ளிவைக்கலாமா, பில்லிங்கை வேறொருவரிடம் கொடுக்கலாமா? எது முதலில் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மனதாரச் செய்யுங்கள், அது நியாயமான ஏற்பாடு. எல்லாமே வேண்டும் என்றால், அந்தப் பதில் எழுத்தில் இருக்கட்டும். தேதி தவறினால் நீங்கள் முன்கூட்டிச் சொன்னது அதில் தெரியும்.

நல்லெண்ணம் கெடக்கூடாது என்கிறீர்கள். அது மின்னஞ்சலின் இனிப்பில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை உண்மையாகவே கொடுங்கள். வேலை உங்களுக்காகக் காத்திருந்தால், 24 காலை அவர் கேட்கும் முன் நீங்களே போய், "நான் தயார், எங்கே தொடங்கட்டும்?" என்று நில்லுங்கள். சொன்ன தேதியில் வந்து நிற்பவர் அடுத்த முறை முடியாது என்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

இனி அம்மா விஷயம். பெண் பிள்ளை கல்யாணமாகிப் போய்விட்டால் தாயின் வைத்தியம் மருமகள் பொறுப்பு என்ற வழக்கத்தை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. பொங்கோலிலிருந்து யீஷூன் எவ்வளவு தூரம் என்று எனக்கும் தெரியும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் பயிற்சி வலிக்கும், வலிக்கிறதே என்று மடக்காமல் விட்டால் முட்டி விறைத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று, "இன்னும் ஐந்து தடவை அம்மா" என்று சொல்ல ஆள் வேண்டும். மருமகள் சொன்னால் சில தாய்மார் வலியை மறைப்பார்கள், மகளிடம் மறைக்க மாட்டார்கள்.

அதற்கு நேரம் வேண்டுமென்றால் நேர்மையாகக் கேளுங்கள், தனிக் கடிதத்தில் கேளுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டி நெறிகளின்படி, தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் எவரும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறைப்படி விண்ணப்பிக்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் தர வேண்டும். வாரம் ஒரு காலை, பத்தரை மணிக்கு வேலைக்கு வந்து மாலையில் அந்த நேரத்தை ஈடுசெய்கிறேன், மூன்று மாதத்துக்கு, என்று எழுதுங்கள். என்ன ஏற்பாடு, ஏன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் அம்மாவின் முழங்காலை எழுதலாம், அங்கே அது உண்மை. இந்த மறுப்புக் கடிதத்தோடு அதைச் சேர்த்து ஒரே நாளில் அனுப்பாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

அந்தப் பதில் வரும்வரை உங்கள் ஆண்டு விடுப்பில் அரை நாள் எடுங்கள். அண்ணிக்கு இன்றைக்கே போன் செய்து, அடுத்த பிசியோதெரபி என்றைக்கு என்று கேட்டு, "அன்றைக்கு நான் கூட்டிப் போகிறேன் அண்ணி, நீங்கள் வீட்டில் இருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.