அடிக்கட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும்: செக் நம்பரைப் பிடியுங்கள்

கேள்வி: அப்பாவின் செக் புக் அடிக்கட்டைகளில் கையால் எழுதியிருப்பதைத் தேதி, பெயர், தொகை என்று எக்செல்லில் ஏற்றி, பேங்க் ஸ்டேட்மெண்ட்டோடு டேலி பண்ண வேண்டும். எங்கே தொடங்குவது?

கோத்தகிரி பக்கம் எங்கள் பெரியப்பாவின் தேயிலைத் தோட்டக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். போன வருடம் அவருடைய இரண்டு செக் புக், மொத்தம் 100 அடிக்கட்டை, இதே வேலைக்காக என் மேஜைக்கு வந்தது. ஆடி மாத ஈரத்தில் பாதி மை ஊறியிருந்தது.

எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் நம்பரை எழுதுங்கள். அடிக்கட்டையில் அச்சாகியிருக்கும் ஆறு இலக்க எண்தான் சந்தேகமில்லாத ஒரே விஷயம். 003401 முதல் 003500 வரை நூறு வரிசையையும் காலியாகவே போட்டுவிட்டேன். ஒரு தாள் கிழிந்து போயிருந்தாலும் அதன் வரிசை காலியாக நின்று காட்டிக்கொடுக்கும். தேதியை வைத்துப் பொருத்த நினைக்காதீர்கள். அடிக்கட்டையில் இருப்பது செக் எழுதிய நாள், ஸ்டேட்மெண்ட்டில் இருப்பது பணம் போன நாள். மார்ச்சில் எழுதியது ஏப்ரலில் பாஸாகி, அடுத்த கணக்கு வருடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது, ஸ்டேட்மெண்ட்டை மூடி வைத்துவிட்டுப் படியுங்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் 1-ஆ 7-ஆ என்ற இடத்தில் கண் பேங்க் சொல்வதைத்தான் பார்க்கும். தப்பு தப்பாகவே டேலி ஆகிவிடும். புரியாததைப் புரியவில்லை என்றே ஒரு தனிப் பத்தியில் குறியுங்கள். வருடம் எழுதாத கட்டைகளுக்கு ‘செல்ஃப்’ செக்குகள் கைகொடுக்கும். பெரியப்பா வாரக்கூலிக்குச் செல்ஃப் போட்டு அன்றே பணம் எடுத்துவிடுவார். அதனால் ஒப்பிடும்போது அந்த வரிசைகளில் இரண்டு தேதியும் ஒன்றாக இருக்கும், நடுவில் இருக்கும் கட்டைகளின் காலத்தை ஊகித்துவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு புக்கில் எழுதியிருந்தால் மட்டும் இது ஏமாற்றும்.

ஒப்பிடும்போது பலரும் தடுக்கி விழுவது முன்னால் வரும் பூஜ்யத்தில்தான். எக்செல் 003467-ஐ 3467 ஆக்கிவிடும். ஒரு பக்கம் எழுத்தாகவும் மறுபக்கம் எண்ணாகவும் இருந்தால் VLOOKUP எதையும் கண்டுபிடிக்காது. இரண்டு ஷீட்டிலும் நம்பரை ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். கீழே A2-வில் அடிக்கட்டை நம்பர். Bank ஷீட்டில் C செக் நம்பர் (அதே ஆறு இலக்க எழுத்தாக), D பற்று.

```
F2: =TEXT(A2,"000000")
G2: =IFERROR(VLOOKUP(F2,bank!C:D,2,FALSE),"வரவில்லை")
H2: =COUNTIF(bank!C:C,F2)
```

H பத்தியை விட்டுவிடாதீர்கள். பணம் இல்லாமல் திரும்பிய செக், சில ஸ்டேட்மெண்ட்டுகளில் ஒருமுறை பற்றும் ஒருமுறை வரவுமாக அதே நம்பரில் இரண்டு தடவை வரும். VLOOKUP முதல் வரியை மட்டும் எடுத்து ‘சரி’ என்று காட்டிவிடும். H-இல் 1-ஐத் தாண்டியதை எல்லாம் கண்ணால் பாருங்கள்.

எங்கள் நூறில் 91 நேராகப் பொருந்தியது. இரண்டு கேன்சல். மூன்று ‘வரவில்லை’, தேதியிட்டு மூன்று மாதம் தாண்டியிருந்ததால் அவை இனி செல்லாது, ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதான். மீதி நாலில்தான் ஒரு சாயங்காலம் போனது.

முதலாவது, ‘4500/-’ என்பதில் சாய்கோட்டை 1 என்று எண்ணி நான் 45001 என்று ஏற்றியிருந்தேன். இரண்டாவதில் என் தாளில் 5,460, பேங்கில் 5,640. வித்தியாசம் 180, ஒன்பதால் வகுபடுகிறது. அப்படி வந்தால் இலக்கம் இடம் மாறியதா என்று முதலில் பாருங்கள். 4500-ஐ 450 என்று அடித்திருந்தாலும் ஒன்பதால் வகுபடும். மூன்றாவது 1,800-க்கும் 7,800-க்கும் இடையே. ஒரே இலக்கத்தில் மட்டும் வித்தியாசம் என்றால் அது பெரும்பாலும் படித்ததில் வந்த பிழை. பெரியப்பாவின் 7-க்கு மேல்கோடு அரைப் பருக்கை அளவுதான்!

நாலாவது 003467, உரக்கடைக்கு. கட்டையில் பளிச்சென்று 14,500, பேங்கில் 13,850. வித்தியாசம் 650, எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. கேட்டதற்குப் பெரியப்பா, “கட்டையை வீட்டிலேயே எழுதிட்டேன்பா, கடைக்குப் போனா ஒரு மூட்டை குறைவா இருந்துச்சு, செக்ல குறைச்சுப் போட்டேன்” என்றார். கடை பில்லும் 13,850 என்றது. அதற்காக அடிக்கட்டைப் பத்தியில் நான் கை வைக்கவில்லை. அதில் 14,500 அப்படியே இருக்கிறது, பேங்க் தொகை பக்கத்துப் பத்தியில், காரணம் குறிப்பில். உங்கள் அப்பாவுக்கு ஞாபகம் இல்லாமல், பில்லும் கிடைக்காவிட்டால், கிளையில் எழுதிக் கொடுத்துப் பாஸான செக்கின் நகலைக் கேட்டுப் பாருங்கள்.