பெயர் தெரிகிறது, பைக்கற்று நகரவில்லை: 150 வீடுகளில் விடை தேடுவது எப்படி?

"மூன்று வருடங்களாக மிளகாய்த் தூள் அரைத்துச் சொந்தப் பெயரில் பைக்கற்றாக விற்கிறேன். களுவாஞ்சிக்குடி, கல்முனை, படுவான்கரைக் கடைகள் எல்லாவற்றுக்கும் கொடுக்கிறோம். விற்பனை ஒரே இடத்தில் நிற்கிறது. பெயர் மக்களுக்குத் தெரியவில்லை, வானொலி விளம்பரம் போடு என்று தம்பி சொல்கிறான். காசைச் செலவழிக்குமுன் பெயர் உண்மையிலேயே தெரியுமா என்று நாங்களே கேட்டுப் பார்க்க முடியுமா? கொழும்பு ஆய்வு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் வசதி இல்லை." – வாசகி, களுவாஞ்சிக்குடி

முடியும். ஒரே பக்கக் கேள்வித்தாள், விடுமுறையில் இருக்கும் இரண்டு மாணவர்கள், ஐந்து நாள் கூலி, பஸ் காசு, இவ்வளவுதான் தேவை. ஆனால் தம்பியின் கேள்வியை அப்படியே கொண்டுபோய் வீட்டு வாசலில் கேட்காதீர்கள். "எங்கள் தூளைத் தெரியுமா, வாங்குவீர்களா?" என்று நீங்களே போய்க் கேட்டால், "ஓம் மகள், ஏன் வாங்காமல்" என்றுதான் பதில் வரும். வீடு தேடி வந்த பிள்ளையின் முகத்தை யாரும் வாடவிட மாட்டார்கள். அந்த 'ஓம்' மரியாதைக்குச் சொல்வது. அதை எண்ணிப் பயனில்லை.

எனவே கேட்கப் போகிறவர்கள் உங்கள் ஆட்கள் என்பது கேட்கப்படுகிறவருக்குத் தெரியக்கூடாது. உங்கள் பெயர் எழுதிய சட்டை, பை எதுவும் வேண்டாம். "சமையல் தூள் வாங்கும் பழக்கம் பற்றிக் கேட்கிறோம், ஐந்து நிமிடம் போதும்" என்று சொன்னால் அதில் பொய்யும் இல்லை. எந்தக் கடைக்காக என்று யாராவது கேட்டால், முடிவில் சொல்கிறோம் என்று கூறி, முடிந்ததும் சொல்லிவிடட்டும். வீட்டில் மிளகாய்த் தூள் எது என்று தீர்மானிக்கிறவரிடம் மட்டுமே கேட்க வேண்டும். அவர் அம்மாவாகத்தான் இருப்பார் என்று முன்கூட்டியே எண்ண வேண்டாம். வேலைக்குப் போய் வரும் வழியில் வாங்கி வரும் கணவராகவும் இருக்கலாம்.

கேள்விகளின் வரிசைதான் இந்த வேலையின் உயிர். முதல் கேள்வியில் எந்தப் பெயரையும் உச்சரிக்கக்கூடாது: "மிளகாய்த் தூள் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்களைச் சொல்லுங்கள்." சொல்வதைச் சொல்கிற வரிசையிலேயே எழுத வேண்டும். யாரும் நினைவூட்டாமல் நாவில் வரும் பெயர் இது. இரண்டாவதாக, ஏழெட்டுப் பெயர்களை வாசித்து, எதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இது நினைவூட்டிய அறிமுகம். இவை இரண்டையும் இடம் மாற்றினால் எல்லாம் போயிற்று. பட்டியலில் ஒருமுறை கேட்ட பெயர் அடுத்த நிமிடமே 'தானாக நினைவுக்கு வந்த' பெயராகிவிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு பிஸ்கட் ஆய்வில் நான் இந்தப் பிழையைச் செய்தேன். வாடிக்கையாளரின் பெயர் பட்டியலின் தலையில் வேறு இருந்தது. கிடைத்த எண்ணைப் பார்த்து அவர் மகிழ்ந்துபோனார். தாளைத் திருத்தி மறுபடி கேட்டபோது, அந்த மகிழ்ச்சியைத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து பட்டியலை நேராக ஒரு தாளிலும் தலைகீழாக இன்னொரு தாளிலும் அச்சிட்டுப் பாதிப் பாதியாகப் பயன்படுத்துகிறேன்.

அந்தப் பட்டியலில் யாரும் விற்காத ஒரு பெயரையும் சேருங்கள். 'லட்சுமி', 'முருகன்' போன்ற பெயர்கள் வேண்டாம். அப்படி ஒரு கடையாவது எங்காவது இருக்கும். தூளுக்குப் பொருந்துகிற, ஆனால் இந்தப் பக்கம் எங்கும் இல்லாத பெயராக இருக்கட்டும். அதையும் "ஓம், தெரியும்" என்பவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள். அவர்களின் தாள்களைத் தனியாக வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணுங்கள்.

மூன்றாவது கேள்வி பரிசீலனை: "வீட்டில் தூள் முடிந்தால் அடுத்த முறை எவற்றை வாங்க எண்ணுவீர்கள்? ஒன்றுக்கு மேலும் சொல்லலாம்." நான்காவது விருப்பம்: "அவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் எது?" ஐந்தாவது, உங்கள் பெயர் தெரிந்தும் மூன்றாவது கேள்வியில் அதைச் சொல்லாதவரிடம் மட்டும், ஏன் என்ற கேள்வி. உங்கள் பெயரை மட்டும் தனியே கேட்டால் யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்பது வெளியே வந்துவிடும். ஆகவே அவர் தெரியும் என்று சொல்லி, வாங்க எண்ணாத இன்னோர் இரண்டு பெயர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கடைசியாக, "இப்போது அடுப்படியில் இருக்கும் தூளைக் காட்ட முடியுமா?" என்று கேட்கலாம். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். காட்டினால், வாய் சொன்னதும் டப்பா சொல்வதும் ஒன்றுதானா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் பெரிய போட்டியாளர் கொழும்புப் பைக்கற்று மட்டுமல்ல. செத்தல் மிளகாய் வாங்கி வெயிலில் காயவைத்து ஆலையில் அரைப்பிக்கும் பழக்கமும்தான். "பைக்கற்று வாங்குகிறீர்களா?" என்று கேட்டு, இல்லை என்றவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் இந்தப் போட்டியாளர் கணக்கிலேயே வர மாட்டார். 'ஆலையில் அரைப்பது' என்பதையும் ஒரு பெயர்போலவே தாளில் எழுதுங்கள். கடையில் நிறுத்துத் தரும் தூளுக்கும் அப்படியே.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பிப் பகிரச் சொன்னால் செலவே இல்லை, பலனும் இல்லை. அந்தச் சங்கிலியில் இருப்பவர்கள் அனைவருக்கும் உங்களைத் தெரியும். உங்கள் தூள் விற்கும் கடை வாசலில் நிற்பதும் அதே போன்றதுதான். தூள் கொடுக்கும் பகுதியிலிருந்து 15 கிராம சேவகர் பிரிவுகளைத் திருவுளச் சீட்டுப்போல எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 வீடுகளுக்குப் போகலாம். சில பிரிவுகள் பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், பழுகாமம், வெல்லாவெளிப் பக்கம் விழும், மாணவர்கள் முணுமுணுப்பார்கள், விட்டுவிடாதீர்கள். ஒரு பிரிவில் 30 வீடுகள் கேட்பதைவிட மூன்று பிரிவுகளில் பத்துப் பத்தாகக் கேட்பது நல்லது, ஏனென்றால் ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒரே கடையில்தான் வாங்குகிறார்கள். ஒரு வீட்டில் கேட்டபின் நான்கு வீடுகள் தள்ளி ஐந்தாவது வீடு. ஆள் இல்லையென்றால் பின்னேரம் ஒருமுறை திரும்பி வர வேண்டும். காலையில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் முழுவதும் விடுபட்டுவிடும்.

இனிக் கணக்கு. விளங்குவதற்காக எண்களை நானே போடுகிறேன். உங்களுடையவை வேறாக இருக்கும். 150 தாள்களில் 12 பேர் இல்லாத பெயரைத் தெரியும் என்றார்கள் என்று வைப்போம். மிச்சம் 138. இவர்களில் உங்கள் பெயரைத் தானாகச் சொன்னவர்கள் 26 பேர். பட்டியலை வாசித்தபின் தெரியும் என்றவர்கள், அந்த 26 பேரையும் சேர்த்து 82 பேர், அதாவது 59 சதவீதம். வாங்க எண்ணுகிறவர்கள் 31. அவர்களில் உங்களுடையதையே முதலில் எடுப்பவர்கள் 19. பெரிய போட்டிப் பைக்கற்று ஒன்றுக்குத் தெரியும் என்றவர்கள் 131, வாங்க எண்ணுகிறவர்கள் 90, முதலில் எடுப்பவர்கள் 52 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

138-ஐக் கொண்டு மட்டும் வகுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். அதனால் ஒன்றும் தெரியவராது. ஒவ்வொரு படியையும் அதற்கு முந்தைய படியால் வகுங்கள். அவர்களின் பெயர் தெரிந்த 131 பேரில் 90 பேர் வாங்க எண்ணுகிறார்கள், 69 சதவீதம். உங்கள் பெயர் தெரிந்த 82 பேரில் 31 பேர்தான், 38 சதவீதம். அதற்கு அடுத்த படியில், வாங்க எண்ணுகிறவர்களில் முதலில் எடுப்பவர்கள் அவர்களுக்கு 58 சதவீதம், உங்களுக்கு 61 சதவீதம். ஒழுக்கு இருப்பது நடுவில். பெயர் ஓரளவு தெரிகிறது, வாங்க எண்ணியவர்களும் கைவிடவில்லை, ஆனால் தெரிந்தவர் வாங்க எண்ணுவதில்லை. வானொலி விளம்பரம் முதல் படியைத்தான் உயர்த்தும். 82 பேர் 110 ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் அதே நடுப்படியில்தான் நின்றுவிடுவார்கள்.

61 என்பது 58-ஐ விடக் கூட என்று தம்பியிடம் பெருமைப்பட வேண்டாம். 31 பேரை வைத்து எடுத்த சதவீதம் இரு பக்கமும் 17 புள்ளிகள் வரை அசையக்கூடியது. 'அவர்களுக்குக் குறைவில்லை போலும்' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. 38-க்கும் 69-க்கும் உள்ள இடைவெளி வேறு. அது தற்செயலாக வரும் அளவல்ல. 150 பேரிடம் கேட்ட ஆய்வில் 50 சதவீதத்தை ஒட்டி வரும் எண் 8 புள்ளிகள் அங்குமிங்கும் இருக்கலாம். வீடுகள் கூட்டங்கூட்டமாக எடுக்கப்படுவதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூட.

இப்போது ஐந்தாவது கேள்வி கைகொடுக்கும். தெரிந்தும் எண்ணாத 51 பேரில் 24 பேர் "எங்கள் கடையில் இல்லை", 11 பேர் "ஆலையில் அரைப்போம்", 7 பேர் "உறைப்புக் காணாது" என்றார்கள், 9 பேருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்று வைப்போம். அந்த 24 தாள்களையும் எடுத்து ஊர்ப்பெயரைப் பாருங்கள். 17 தாள்கள் படுவான்கரையிலிருந்து வந்திருந்தால், சதவீதம் போடும் வேலையை அங்கே நிறுத்திவிடுங்கள். அத்தனை சிறிய எண்ணுக்குச் சதவீதம் தாங்காது. பதிலாக அந்தக் கிராமங்களின் கடைகளுக்குப் போய், அலுமாரியில் உங்கள் பைக்கற்று இருக்கிறதா என்று கண்ணால் எண்ணுங்கள். 'கடைகள் எல்லாவற்றுக்கும் கொடுக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தது தீர்ந்த பிறகு எத்தனை நாள் அலுமாரி வெறுமையாகக் கிடக்கிறது என்று கடைக்காரரையே கேட்டுப் பாருங்கள். இது ஒரு நாள் வேலை, செலவு ஒரு ஓட்டோக் கூலி.

விநியோகத்தைச் சரிசெய்தால் ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை அதே சொற்களில், அதே பிரிவுகளில் வேறு வீடுகளில் கேளுங்கள். அறிமுகம் 59-இலிருந்து 65-க்குப் போனால் அதை வளர்ச்சி என்று எழுத வேண்டாம். இந்த அளவு ஆய்வுகள் இரண்டை ஒப்பிடும்போது சுமார் 12 புள்ளிகளுக்குக் குறைந்த மாற்றத்தை நம்ப முடியாது. தவணையைத் தேர்ந்தெடுக்கும்போது சித்திரை வருடப்பிறப்பையும் நோன்பு மாதத்தையும் தவிருங்கள். அந்த நாட்களில் வீடுகள் வாங்கும் அளவும் வகையும் மாறிவிடும். மார்கழி மழையில் படுவான்கரைப் பாதைகள் தண்ணீருக்குள் போனால் மாணவர்கள் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலேயே 150 தாள்களையும் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். தாளின் மேல் மூலையில் கிராம சேவகர் பிரிவின் பெயரை எழுதும் கட்டம் இருந்தால் அதை உடனே கண்டுபிடிக்கலாம்.