ஆடிட்டரிடம் அவகாசம் கேட்கும் கடிதம்: தயார் எது, தயார் இல்லாதது எது?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். ஆண்டுத் தணிக்கைக்காக ஆடிட்டர் 13 ஆவணங்கள் கேட்டு, 12ஆம் தேதி வரை கெடு கொடுத்திருக்கிறார். ஒன்பது தயார். அவர் பொறுக்கி எடுத்த 60 கொள்முதல் பில்களில் 8 கிடைக்கவில்லை. வங்கியின் இருப்பு உறுதிக் கடிதமும், நிலுவை வழக்கு பற்றி வக்கீல் தர வேண்டிய கடிதமும் வரவில்லை. துணை நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த முடிவுக்கு மினிட்ஸே எழுதவில்லை. "எல்லாம் சேர்ந்த பிறகு மொத்தமாகக் கொடுக்கலாம், மினிட்ஸைப் பழைய தேதி போட்டு எழுதிவிடலாம்" என்கிறார் இயக்குநர். அவகாசம் கேட்டு எப்படி எழுதுவது?

பதில்: தயாராக உள்ள ஒன்பதையும் இன்றே கொடுத்துவிடுங்கள். அவகாசக் கடிதமும் அதோடு சேர்ந்தே, கெடு முடிவதற்கு இரண்டு நாளாவது முன்னதாகப் போகட்டும். மொத்தமாகக் கொடுப்பது நேர்த்தி என்று இயக்குநர் நினைக்கலாம். ஆடிட்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால், கையில் இருப்பதையும் தராமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தெரியும். தணிக்கைக்குத் தேவையான தகவல் அனைத்தையும் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று, தணிக்கை தொடங்கும் முன் ஆடிட்டரை நியமித்து உங்கள் நிறுவனம் கையெழுத்திட்ட கடிதத்திலேயே ஒரு பத்தி இருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்பது போய்விட்டால் நீங்கள் கேட்கும் அவகாசம் நான்கு உருப்படிகளுக்கு மட்டும்தான். அதை மறுப்பது அவருக்குக் கடினம், ஏனென்றால் அவருடைய ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

கடிதம் எழுதும் முன் இரண்டு தேதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 12ஆம் தேதி என்பது ஆடிட்டர் தன் வேலைக்காக வைத்த கெடு, அதை அவர் தள்ளி வைக்கலாம். கணக்கைத் தாக்கல் செய்யச் சட்டம் வைத்திருக்கும் கடைசி நாளை அவரால் ஒரு மணி நேரம்கூடத் தள்ள முடியாது. ஆகவே பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். அறிக்கையில் 30ஆம் தேதி கையெழுத்தாக வேண்டும் என்று வையுங்கள். கணக்கை அங்கீகரிக்கும் இயக்குநர் குழுக் கூட்டம் அதற்கு ஓரிரு நாள் முன்னால் நடக்கும். அதற்கும் முன்னால் ஆடிட்டர் உங்கள் ஆவணங்களைப் பார்த்து, கேள்வி கேட்டு, பதில் வாங்க நாலைந்து வேலை நாள் வேண்டும். அப்படியானால் 21ஆம் தேதிக்கு மேல் எதையும் இழுக்க உங்களுக்கு இடம் இல்லை. "இன்னும் பத்து நாள் வேண்டும்" என்று மொத்தமாகக் கேட்காமல், ஒவ்வொரு உருப்படிக்கும் தனித் தேதி எழுதுங்கள்.

கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

> உங்கள் ஆவணப் பட்டியலில் 1 முதல் 9 வரையிலான உருப்படிகளை இத்துடன் அனுப்பியுள்ளோம். கோப்புகளுக்கு உங்கள் வரிசை எண்ணையே பெயராக வைத்துள்ளோம். மீதி உருப்படிகளின் நிலை:
>
> 10. கொள்முதல் பில்கள்: 60இல் 52 இணைப்பில் உள்ளன. கிடைக்காத 8 பில்களின் வவுச்சர் எண், தேதி, தொகை, விற்றவர் பெயர் தனித் தாளில் உள்ளன. விற்றவர்களிடம் நகல் கேட்டுள்ளோம். கிடைத்தவற்றை 17ஆம் தேதிக்குள் தருகிறோம். கிடைக்காதவை எவை என்பதையும் அன்றே எழுதித் தெரிவிக்கிறோம்.
>
> 11. வங்கி உறுதிக் கடிதம்: உங்களுக்குத் தகவல் தர வங்கிக்கு அனுமதி தரும் கடிதத்தில் 5ஆம் தேதி கையெழுத்திட்டு உங்களிடம் கொடுத்துவிட்டோம். பதில் நேரடியாக உங்களுக்கு வரும் என்பதால் நாங்கள் தேதி சொல்ல இயலாது. வங்கிக் கிளைக்கு நாங்களும் நினைவூட்டியுள்ளோம். ஆண்டு முழுவதற்குமான ஸ்டேட்மென்ட் உருப்படி 4இல் உள்ளது.
>
> 12. நிலுவை வழக்கு: வழக்கின் விவரத்தையும் எங்கள் மதிப்பீட்டையும் எழுதி, உங்களுக்கே நேரடியாகப் பதில் தரும்படி வழக்கறிஞரைக் கேட்கும் கடிதத்தை, நீங்கள் அவருக்கு அனுப்புவதற்காக 8ஆம் தேதி உங்களிடம் கொடுத்துள்ளோம். 19ஆம் தேதிக்குள் பதில் தருவதாக வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.
>
> 13. துணை நிறுவனக் கடனுக்கான தீர்மானம்: அப்போது மினிட்ஸ் பதிவு செய்யப்படவில்லை. இது குறித்து 15ஆம் தேதி இயக்குநர் குழுவில் வைக்கிறோம். அதன் நகலை 16ஆம் தேதி அனுப்புகிறோம்.
>
> 10, 12, 13ஆம் உருப்படிகளுக்கு மேற்கண்ட தேதிகள் வரை அவகாசம் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்தத் தேதிகள் உங்களுக்கு ஒத்துவருமா என்று மின்னஞ்சலில் தெரிவிக்கவும்.

"தயார்" என்ற சொல்லில்தான் பலர் சறுக்குவார்கள். உங்களிடம் இருக்கிறது, கேட்ட காலம் முழுவதற்கும் இருக்கிறது, பேரேட்டுத் தொகையோடு பொருந்துகிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் கேட்டதற்குப் பதினொரு மாத ஸ்டேட்மென்ட் வைத்துக்கொண்டு தயார் என்று எழுதினால், அந்த ஒரு மாதத்தை ஏன் விட்டார்கள் என்ற கேள்வி பிறக்கும். நீங்கள் மறந்திருக்கலாம். ஆனால் கேள்வி வேறு மாதிரி வரும். உங்கள் ஒன்பதையும் அனுப்பும் முன் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த எட்டு பில்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவற்றுக்குப் பதிலாக வேறு எட்டு பில்லை வைக்கும் ஆசை வரும், வைக்காதீர்கள். பொறுக்குவது ஆடிட்டரின் வேலை. சர்வதேசத் தணிக்கைத் தரம் 530இன்படி, பொறுக்கிய உருப்படிக்கு உரிய சோதனையையோ அதற்கு ஈடான மாற்றுச் சோதனையையோ செய்ய முடியாமல் போனால், அதை அவர் பிழையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பிழையை மொத்தக் கொள்முதலுக்கும் விரித்துப் பார்ப்பார். 60க்கு 8 என்றால் எண்ணிக்கையில் நூற்றுக்குப் பதின்மூன்று. சின்ன பில்கள்தானே என்று விட்டுவிட முடியாததற்கு இதுதான் காரணம். விற்றவரிடம் புது பில் அடித்து வாங்காமல், "நகல்" என்று குறித்த பிரதியையே வாங்குங்கள். அதோடு சரக்கு வரவுச் சீட்டையும் பணம் போன வங்கிப் பதிவையும் சேர்த்துக் கொடுத்தால், பில் கிடைக்காவிட்டாலும் மாற்றுச் சோதனைக்கு அவருக்கு ஏதோ ஒரு பிடி கிடைக்கும்.

வங்கிக் கடிதத்துக்கு மாதிரியில் தேதி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். இந்த வகை உறுதிக் கடிதத்துக்கு மதிப்பே அது மூன்றாம் ஆளிடமிருந்து நேராக ஆடிட்டருக்குப் போவதில்தான் இருக்கிறது. கேட்பதும் வாங்குவதும் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது தரம் 505. நீங்கள் வங்கிக்குப் போய் உறையை வாங்கி வந்து மேசையில் வைத்தால், உதவி செய்ததாக நினைப்பீர்கள். அவரோ அதை ஒதுக்கிவிட்டு மறுபடி வங்கிக்கு எழுதுவார், ஒரு வாரம் போய்விடும். உங்கள் கையில் இருப்பது அனுமதிக் கடிதம் மட்டும். அதில் வங்கியின் பதிவில் உள்ளவர்தான் கையெழுத்திட்டாரா, முடக்கிப்போட்ட பழைய கணக்குகள் உட்பட எல்லாக் கணக்கு எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதில் தாமதமாவதற்கு இவை இரண்டில் ஒன்று காரணமாக இருக்கலாம்.

வழக்கு பற்றிய உருப்படியில் ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் வக்கீல் உங்களுக்கு ரகசியமாக எழுதிய கருத்துரையை அப்படியே ஆடிட்டருக்கு அனுப்பிவிடாதீர்கள். வெளியாளிடம் கொடுத்தால் அந்தக் கருத்துரைக்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. அது எடுபடுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். நிறுவனம் கேள்விக் கடிதம் எழுதி, ஆடிட்டர் அதை அனுப்பி, வக்கீல் ஆடிட்டருக்கே பதில் தருவதுதான் தணிக்கைத் தரம் 501 காட்டும் வழி. மாதிரியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

இனி மினிட்ஸ். பழைய தேதி போட்டு எழுதுவது இல்லாத ஆவணத்தை உருவாக்குவது, அதற்குச் சட்டத்தில் இருக்கும் பெயர்கள் எதுவும் நல்ல பெயர் அல்ல. அது பிடிபடுவதும் எளிது. மினிட்ஸ் புத்தகத்தின் பக்க எண் இடிக்கும். கணினிக் கோப்பில் உருவான நாள் பதிந்திருக்கும். அன்று வெளியூரில் இருந்த இயக்குநரின் பயணச் செலவு வவுச்சர் ஆடிட்டர் மேசையிலேயே இருக்கும். விடுபட்ட மினிட்ஸ் ஒரு குறைபாடு, அவ்வளவுதான். பொய் மினிட்ஸ் பிடிபட்டால், நீங்கள் ஒழுங்காகக் கொடுத்த அந்த ஒன்பதையும் அவர் சந்தேகத்தோடு திரும்பப் புரட்ட வேண்டியிருக்கும்.

சரியான வழி: குழுவை 15ஆம் தேதி கூட்டி, கடன் எந்தத் தேதியில், எவ்வளவு, யார் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பதைப் பதிந்து, ஏற்கெனவே நடந்த அதைக் குழு இப்போது ஏற்பதாகப் பின்னேற்பு செய்து, கூட்டம் நடக்கும் தேதியையே போட்டுக் கையெழுத்திடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில வகைக் கடன்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும். உங்கள் கடன் அந்த வகை என்றால் பின்னேற்பு குறையைத் தீர்க்காது, ஆடிட்டர் அறிக்கையில் குறிப்பிடவும் கூடும். 15ஆம் தேதிக் கூட்டத்துக்கு முன்பே உங்கள் நிறுவன வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

இயக்குநர் இன்னும் தயங்கினால், நிர்வாக உறுதிமொழிக் கடிதத்தை நினைவுபடுத்துங்கள். தேவையான தகவல் அனைத்தையும் கொடுத்துவிட்டோம் என்று தணிக்கை அறிக்கைத் தேதியை ஒட்டி நிர்வாகம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதைத் தர மறுத்தால் ஆடிட்டர் கணக்கைப் பற்றிக் கருத்துக் கூறவே மறுக்க வேண்டிவரும். அந்த உறுதிமொழியில் கையெழுத்திடப் போவது நீங்கள் அல்ல, இயக்குநர். ஆவணம் கடைசிவரை வராமல் போனால் நடப்பது தரம் 705இல் இருக்கிறது: விடுபட்டதன் தாக்கம் பெரியது, ஆனால் ஓரிடத்தோடு நிற்கிறது என்றால் அந்த ஒன்றைத் தவிர மற்றவை சரி என்ற வரம்பிட்ட கருத்து, கணக்கு முழுவதும் பரவக்கூடியது என்றால் கருத்துக் கூற மறுப்பு. கடன் தந்த வங்கி இரண்டையும் படிக்கும்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அவகாசம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 12ஆம் தேதி காலையில் தொலைபேசியில் கேளுங்கள், அவர் சொன்னதை அன்றே அதே மின்னஞ்சலுக்குக் கீழே இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். பின்னால் ஒவ்வொரு ஆவணம் போகும்போதும் அதே மின்னஞ்சலில், அதே வரிசை எண்ணோடு அனுப்புங்கள். சொன்ன தேதி தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முந்தைய நாளே புதுத் தேதியையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள்.