கடப்பாரைச் சத்தம் எந்த நேரம் கேட்கும்?

மதுரை வில்லாபுரத்தில் வரிசை வீடு எங்களுடையது. ஹால் தரையையும் பாத்ரூமையும் மாற்றப் போகிறோம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஒரு பக்கம் ப்ளஸ் டூ படிக்கிற பையன், மறுபக்கம் வயதான அம்மா. முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுக்க ஆசை. எப்படி எழுதுவது?
– வாசகி, மதுரை

கடிதம் எழுதும் முன் கொத்தனாரிடம் ஒன்று கேளுங்கள், சகோதரி. வேலை எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், சத்தம் எத்தனை நாள் என்று கேளுங்கள். இரண்டு வார வேலை என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பக்கத்து வீட்டார் இரண்டு வாரமும் இடி விழும் என்றே நினைப்பார்கள். உண்மையில் காதைப் பிளப்பது பழைய டைல்ஸைப் பெயர்க்கிற நாட்களும், பைப்புக்காகச் சுவர் வெட்டுகிற நாட்களும்தான். டைல்ஸ் ஒட்டும்போது கட்டிங் மெஷின் விட்டு விட்டு ஓடும். பாத்ரூமில் தண்ணீர் கட்டி வைத்துக் கசிவு பார்க்கிற நாளில் சத்தமே இருக்காது.

அப்புறம் அந்த அம்மா எப்போது தூங்குவார், பையன் எப்போது படிப்பான் என்று நேரில் கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். அம்மாவுக்கு மதியத் தூக்கம், பையன் பகலில் பள்ளியில் இருப்பான் என்றால் கடிதம் இப்படி அமையும்:

‘அன்புடையீர், வணக்கம். வரும் திங்கள்கிழமை எங்கள் வீட்டில் மராமத்து வேலை தொடங்குகிறது. திங்கள் முதல் புதன் வரை பழைய டைல்ஸைப் பெயர்ப்பார்கள். சத்தமும் அதிர்வும் அதிகம் இருக்கும். வியாழன், வெள்ளியில் சுவர் வெட்டுவார்கள். இந்த ஐந்து நாளும் காலை 9.30 முதல் 12.30 வரை, மாலை 3.30 முதல் 5.30 வரை மட்டுமே மெஷின் ஓடும். அடுத்த வாரம் டைல்ஸ் ஒட்டும்போது அதே நேரத்தில் இடையிடையே சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. உங்களுக்கு ஏற்படும் தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டுகிறோம். அவசரம் என்றால் உடனே கூப்பிடுங்கள், வேலையை நிறுத்தச் சொல்கிறோம்.’

கீழே உங்கள் பெயரும் போன் நம்பரும் போதும். மன்னிப்பு ஒரே வரியில் இருக்கட்டும், அவர்களுக்கு வேண்டியது நேரம்தான். வேலைக்கு ஒரு வாரம் முன்பே கையில் கொடுங்கள். பையனுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு வருமே, அதற்கு நெருக்கத்தில் உடைப்பு வேலையை வைக்கவே வேண்டாம்.

கடிதம் கொடுக்கப் போகும்போதே அவர்கள் பக்கத்துப் பொதுச்சுவரில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களையும் வைத்துக்கொண்டு போனில் படம் எடுத்து, அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். உடைப்பு அதிர்வில் புது விரிசல் விழுந்ததா, பழசுதானா என்று பின்னால் வாக்குவாதம் வராது.

கடிதத்தின் ஒரு நகல் கொத்தனார் கையிலும் இருக்கட்டும். வெயிலுக்கு முன் முடிப்போம் என்று ஏழு மணிக்கே மெஷினைப் போடுவது ஆட்களுக்குப் பழக்கம். முதல் நாளே அது நடந்தால் நீங்கள் எழுதியதை யாரும் நம்பமாட்டார்கள். டைல்ஸ் புதனுக்குள் பெயர்ந்து முடியவில்லையா? சரி, புதன் மாலையே இரண்டு வீட்டுக்கும் போய் இன்னும் ஒரு நாள் ஆகும் என்று சொல்லிவிடுங்கள்.