நோய் திரும்பினால் எப்படிச் சிகிச்சை அளிக்க வேண்டும்: முன்கூட்டியே எழுதி வைப்பது எப்படி?

"எனக்கு வயது 34. ஏழு ஆண்டுகளில் மூன்று முறை மனச்சிதைவு திரும்பி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். இப்போது நன்றாக இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். போன முறை போட்ட ஊசியில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது இனி வேண்டாம். எனக்காக முடிவெடுப்பது கணவர் வீட்டார் அல்ல, என் அக்காவாக இருக்க வேண்டும். இதை முன்பே எழுதி வைக்கலாமாமே, என்ன எழுத வேண்டும்? டாக்டர்கள் அதை மதிப்பார்களா?"

எழுதி வைக்கலாம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பதினெட்டு வயது நிறைந்த எவருக்கும் இந்த உரிமையைத் தருகிறது. முன்பு மனநோய் இருந்ததோ சிகிச்சை பெற்றதோ இதற்குத் தடையல்ல. இந்த ஆவணத்துக்கு 'முன்கூட்டிய அறிவுறுத்தல்' என்று பெயர். எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம், உங்கள் நியமனப் பிரதிநிதி யார் என்ற மூன்றையும் அதில் எழுதலாம். சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனை நீங்கள் இழந்திருக்கும் காலத்தில் மட்டுமே அது செயல்படும். திறன் திரும்பியதும் உங்கள் வாய்ச்சொல்லே இறுதி.

இத்தகைய கடிதங்கள் பலவற்றைப் படித்த அனுபவத்தில் சொல்கிறேன்: பயன்படாமல் போகிறவை பெரும்பாலும் பொதுவாக எழுதப்பட்டவை. "பக்கவிளைவு தரும் மருந்து வேண்டாம்" என்ற வரியை வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் கழுத்து இழுத்துக்கொண்டதற்குப் பெரும்பாலும் ஹாலோபெரிடால் ஊசி காரணமாக இருக்கலாம், ஆனால் ஊகத்தை எழுத வேண்டாம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்து, மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு இந்த வரி இப்படி அமையலாம்:

"ஹாலோபெரிடால் 5 மி.கி. ஊசி போட்ட சில மணி நேரத்தில் என் கழுத்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, கண்கள் மேலே சொருகின. புரோமெத்தசின் ஊசிக்குப் பின் சரியானது. எனவே ஹாலோபெரிடால் வேண்டாம். ஊசி அவசியமெனில் ஒலன்சபைன் ஊசியையோ, லோராசெபாம் ஊசியையோ முதலில் கருதவும். வேறு வழியே இல்லாமல் ஹாலோபெரிடால் கொடுத்தால் புரோமெத்தசினும் சேர்த்தே கொடுக்கவும்."

மறுப்பு, அதற்கான காரணம், மாற்று, மாற்றும் இல்லாவிட்டால் செய்ய வேண்டியது என நான்கும் இதில் இருக்கின்றன. (ஒலன்சபைன் ஊசியையும் லோராசெபாம் ஊசியையும் ஒரே நேரத்தில் போடுவது மூச்சுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து என்பதால்தான் 'அல்லது' என்ற பொருளில் எழுதியிருக்கிறேன், அதை 'மற்றும்' என்று மாற்றிவிடாதீர்கள்.) மாத்திரைகளையும் இதே முறையில் எழுதுங்கள்: எது எந்த அளவில் பலன் தந்தது, எதில் எடை கூடியது, எதில் மாதவிடாய் நின்றது என்று. "எந்த மருந்துமே வேண்டாம்" என்று எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. ஓர் அறிவுறுத்தலைப் பின்பற்ற விரும்பாத மருத்துவரோ உறவினரோ அதை மாற்றவும் ரத்து செய்யவும் மனநல மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். நீங்கள் போதிய தகவல் அறிந்து, சுயவிருப்பத்தோடு, முடிவெடுக்கும் திறனோடு எழுதினீர்களா, இப்போதைய சூழ்நிலையை எதிர்பார்த்துத்தான் எழுதினீர்களா என்பதை வாரியம் பார்க்கும். காரணமும் மாற்றும் சொன்ன கடிதம் அந்தக் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லிவிடும்.

ஒரு வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். உயிருக்கோ, உங்களுக்கோ பிறருக்கோ கடும் தீங்கு நேரும் நிலையில் அளிக்கப்படும் அவசர சிகிச்சையை இந்த ஆவணம் கட்டுப்படுத்தாது; பொதுவாக அந்த அவசர அதிகாரத்துக்கு 72 மணி நேரமே எல்லை. அப்போதும் கடிதம் கையில் இருந்தால் எந்த ஊசி உங்களைப் பாதித்தது என்று மருத்துவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டே அதைப் போடுவோர் அரிது. மின்னதிர்வு சிகிச்சையை அவசரம் என்ற பெயரில் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அதைப் பற்றிய உங்கள் முடிவை, வேண்டாம் என்பதையோ, எந்த நிலையில் சம்மதம் என்பதையோ, தெளிவாக எழுதுங்கள்.

அடுத்தது, நோய் திரும்புவதை மற்றவர்கள் எப்படி அறிவது என்ற பகுதி. "தூக்கம் குறையும்" என்பது பலருக்கும் பொருந்தும். உங்களுக்கே உரியது எது என்று அக்காவிடம் கேளுங்கள். நான் பார்த்த ஓர் ஆசிரியைக்கு முதல் அறிகுறி, சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது. அதன் பின் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மறுத்துக் கடையில் பாட்டில் வாங்குவார். அதிலிருந்து பத்து நாளுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கும். அவர் எழுதியது இதுதான்: "காலண்டர் திரும்பினால் என் தங்கை என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம், அப்போது நான் மறுத்தாலும் இந்தக் கடிதத்தைக் காட்டலாம்." அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் திறன் இன்னும் இழக்கப்பட்டிருக்காது, எனவே கடிதத்தைக் காட்டி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தன் கையெழுத்தைத் தானே படித்ததும் அவர் கிளம்பி வந்தார், மாத்திரை அளவைக் கூட்டியதோடு அந்தமுறை சேர்க்கை தேவைப்படவில்லை.

பிரதிநிதி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் அறிவுறுத்தலில் பெயரிட்டவர் முதலில் வருவார். அதற்குப் பிறகே உறவினர். பெயரிடாவிட்டால் மருத்துவமனை இயல்பாகவே உடன் வந்த குடும்பத்தாரிடம் திரும்பும். அக்காவின் பெயரை முதலில் எழுதி, அவர் வெளியூரில் இருந்தால் யார் என்று இரண்டாம் பெயரையும் வரிசைப்படி எழுதுங்கள். அக்கா எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். அவரே உங்களைச் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டிவரலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். அந்தச் சுமை தெரியாமல் சம்மதித்தவர்கள் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதும் நாளில் உங்களுக்கு முடிவெடுக்கும் திறன் இருந்தது என்று மருத்துவர் ஒருவரின் சான்றையும், சாட்சிகள் இருவரின் கையெழுத்தையும் பெற்று, வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். இவை பின்னால் எழும் "அப்போதே உடம்பு சரியில்லை" என்ற வாதத்தை அடைத்துவிடும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், ரத்து செய்யலாம், ஆனால் அதையும் எழுதிய அதே முறையில்தான் செய்ய வேண்டும். நோயின் உச்சத்தில் கடிதத்தைக் கிழித்துப் போடுவது ரத்து ஆகாது.

பல கடிதங்கள் தோற்பது பீரோவில்தான். ஆவணம் மருத்துவரின் கைக்கு வந்து சேர்வதை உறுதி செய்வது உங்கள் மற்றும் பிரதிநிதியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. பிரதி கிடைக்காமல் அதைப் பின்பற்றாத மருத்துவர் மேல் பொறுப்பு வராது. எனவே ஒரு பிரதியை மருத்துவரின் கோப்பிலும், ஒன்றை அக்காவிடமும், படம் எடுத்ததை இருவர் கைப்பேசியிலும் வையுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் புதிதாக எழுதி, பழைய பிரதிகளை எல்லா இடத்திலிருந்தும் திரும்ப வாங்கிவிடுங்கள்.