கடன் உள்ள கம்பெனிக்கு மதிப்பு அதிகமா?

கேள்வி: ஒரே தொழில், ஒரே லாபம் உள்ள இரண்டு கம்பெனிகள். ஒன்றுக்குக் கடனே இல்லை. மற்றதற்கு நிறையக் கடன். கடன் உள்ளதில் 6 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வைத்திருக்கிறேன். கடனால்தான் அதற்கு மதிப்பு அதிகம் என்கிறார் தரகர். உண்மையா?

பதில்: உங்கள் பங்கு அந்தக் கம்பெனியில் 1% என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வரியை முதலில் மறந்துவிடுங்கள். இரண்டும் ஆண்டுக்கு 1 கோடி சம்பாதிக்கின்றன. கடனில்லாததன் சந்தை மதிப்பு 10 கோடி. மற்றதற்கு 8% வட்டியில் 5 கோடி கடன்; பங்குகளின் மதிப்பு 6 கோடி; ஆக மொத்தம் 11 கோடி. வட்டி 40 லட்சம் போக மீதி 60 லட்சம், அதில் உங்களுக்கு 60,000. இரண்டு பங்கும் 10% தருவதால் விலை நியாயம்போலத் தோன்றும்.

இப்போது உங்கள் பங்கை 6 லட்சத்துக்கு விற்றுவிடுங்கள். நீங்களே 8% வட்டிக்கு 5 லட்சம் கடன் வாங்குங்கள். 10 லட்சத்துக்குக் கடனில்லாத கம்பெனியில் 1% வாங்குங்கள். வருமானம் 1 லட்சம், வட்டி 40,000, மிச்சம் அதே 60,000. கடன் சுமையும் அதே அளவுதான். ஆனால் கையில் 1 லட்சம் மிஞ்சுகிறது! இதுதான் ஆர்பிட்ரேஜ். எல்லோரும் இப்படி மாறினால் இரு கம்பெனிகளின் மொத்த மதிப்பும் சமமாகும்வரை விலை நகரும். கடனில்லாதது 10 கோடியிலேயே நின்றால், உங்கள் கம்பெனிப் பங்குகள் 5 கோடிக்கு இறங்கி 12% தரும். அந்தக் கூடுதல் 2% இனாம் அல்ல, ஆபத்துக்கான கூலி: லாபம் 40 லட்சமாகச் சரிந்தால் உங்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது. பொருளாதார அறிஞர்கள் மோடிலியானியும் மில்லரும் 1958-இல் காட்டியது இதைத்தான்.

வரி வந்தால் கதை மாறும். 1963-இல் அவர்களே அதைத் திருத்தி எழுதினார்கள். வரி 25% என்றால், கடனில்லாத கம்பெனிக்கு மிஞ்சுவது 75 லட்சம், மதிப்பு 7.5 கோடி. உங்கள் கம்பெனி வட்டியைக் கழித்து 60 லட்சத்துக்கு மட்டும் 15 லட்சம் வரி கட்டும். ஆண்டுக்கு 10 லட்சம் வரி மிச்சம். கடன் நிரந்தரமானால், ஆண்டுதோறும் வரும் இந்த வரி மிச்சத்தின் இன்றைய மதிப்பு, அதே 8% கணக்கில், 1.25 கோடி. ஆகவே மொத்தம் 8.75 கோடி, பங்குகள் 3.75 கோடி.

இதையும் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் 1%-க்கு வருவது 45,000. கடனில்லாததில் 7.5 லட்சத்துக்கு வாங்கி, அதில் 3.75 லட்சத்தைக் கடனாக எடுத்தால் 75,000-இல் வட்டி 30,000 போக அதே 45,000. கைக்காசும் 3.75 லட்சமே. உங்கள் பங்குக்கு அதைவிட அதிக விலை கிடைத்தால் மட்டுமே மாறுவதில் லாபம்.

ஆக, தரகர் சொல்வது வரி மிச்சத்தின் அளவுக்குத்தான் சரி. ஆனால் இந்த மாற்றத்தை நேரடியாகச் செய்ய இறங்காதீர்கள். தனிநபருக்குக் கம்பெனிக்குக் கிடைக்கும் வட்டியில் கடன் கிடைப்பது அரிது. கம்பெனி மூழ்கினால் உங்கள் நஷ்டம் பங்கோடு நிற்கும், சொந்தக் கடனோ வீடுவரை வரும். கம்பெனியின் ஆண்டறிக்கையில் அது உண்மையில் வரி கட்டுகிறதா என்று பாருங்கள். பழைய நஷ்டத்தைக் கழித்து வரியே கட்டாத கம்பெனிக்கு, இந்த ஆண்டு வட்டியால் மிச்சமாகும் வரி எதுவும் இல்லை.