புரிந்த சொல்தான் கவிழ்க்கும்

கேள்வி: "பழைய இத்தாலியக் கவிதைகளைத் தற்கால இத்தாலியத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பார்க்கிறேன். பாதிச் சொற்கள் அகராதியில் கிடைப்பதில்லை, வாக்கியமும் தலைகீழாக நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?"

முதலில் வாக்கியத்தைச் சரிசெய்யுங்கள், சொற்களுக்கு அப்புறம் வரலாம். நம் உரையாசிரியர்கள் 'கொண்டுகூட்டு' என்று சொல்லிச் செய்த அதே வேலைதான். எங்கெங்கோ கிடக்கும் சொற்களை எடுத்துவந்து பொருள் தரும் வரிசையில் அடுக்குவது. இத்தாலியப் பள்ளிகளில் பிள்ளைகள் இதைப் 'பாராஃப்ராஸி' என்ற பெயரில் பயிற்சியாகவே செய்கிறார்கள்.

ஆனால் நமக்கு இருக்கும் ஒரு வசதி அவர்களுக்கு இல்லை. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டியிருப்பதால் சொல் எங்கே போய் நின்றாலும் யார் யாரை வென்றார் என்று தெரிந்துவிடும். இத்தாலியப் பெயர்ச்சொல்லுக்கு உருபு கிடையாது. கவிஞர் பெட்ரார்க்காவின் 'கான்சொனியெரே' தொகுப்பில் 232ஆம் கவிதையின் முதல் வரியைப் பாருங்கள்: "வின்சித்தோரே அலெஸ்ஸாந்த்ரோ லீரா வின்சே." சொல்லுக்குச் சொல் வைத்தால், 'வெற்றியாளன் அலெக்சாண்டர் கோபம் வென்றது' அல்லது 'வென்றான்'. இத்தாலிய வினையில் ஆண்பால், அஃறிணை என்ற வேறுபாடு இல்லை, இரண்டு பெயர்களும் ஒருமை. ஆகவே வினைமுற்றைப் பார்த்தும் எழுவாயைக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைய பழக்கத்தில் வாசிக்கிறவர் முன்னால் நிற்பவரே எழுவாய் என்று எடுத்துக்கொண்டு, 'அலெக்சாண்டர் கோபத்தை வென்றான்' என்று எழுதிவிடுவார். நானும் அப்படித்தான் எழுதினேன். நல்லொழுக்கப் பாடம் மாதிரி அழகாகவும் இருந்தது.

அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன்: "எ ஃபேல் மினோரே இன் பார்த்தே கே ஃபிலிப்போ." இதில் 'ஃபே' என்பது 'ஃபேச்சே', அதாவது 'ஆக்கியது'. அதோடு ஒட்டியிருக்கும் 'ல்' இங்கே 'அவனை' என்ற பிரதிப்பெயர். 'ஒருவகையில் அவனை ஃபிலிப்பைவிடச் சிறியவன் ஆக்கியது.' கோபத்தை வென்றவன் எதற்காகத் தன் அப்பாவைவிடச் சிறியவன் ஆகவேண்டும்? எழுவாய் கோபம்தான். வென்றவனான அலெக்சாண்டரைக் கோபம் வென்றது. கி.மு. 328இல் குடிபோதைச் சண்டையில் நண்பன் கிளைட்டஸைக் கொன்றவன் அவன் என்பது நினைவுக்கு வந்தால் சந்தேகமே இருக்காது. என் முதல் வாசிப்பு பொருளை நேர் எதிராகத் திருப்பியிருந்தது.

அதனால் ஒரு வரியை மட்டும் எடுத்து மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். முற்றுப்புள்ளி வரை படித்து வினைமுற்றுகளைக் கோடிடுவேன், ஒவ்வொன்றுக்கும் யார் செய்தார், யாரை என்று கேட்பேன். 'ல்', 'லோ', 'லா' போன்ற குட்டிப் பிரதிப்பெயர்கள் யாரைச் சுட்டுகின்றன என்று பார்ப்பேன். முடிச்சு பெரும்பாலும் அவற்றில்தான் அவிழும்.

இனிச் சொற்கள். உருவம் மாறிய சொல்லுக்காகக் கவலைப்பட வேண்டாம். 'தெவென்' என்பது இன்றைய 'திவியேனே', 'ஓஞ்ஞே' என்பது 'ஓஞ்ஞி', 'ஃபீயா' என்பது 'சரா', 'ஃபோரா' என்பது 'சரெப்பே'. தெரியாத சொல் என்பதால் எப்படியும் தேடுவீர்கள். 14ஆம் நூற்றாண்டு வரையிலான சொற்களுக்கு TLIO என்ற இணைய அகராதி இருக்கிறது, பிற்காலத்துக்குத் தொம்மாசேயோ–பெல்லீனி. கவிழ்ப்பது எது என்றால், இன்றும் அதே உருவில் புழங்கும் சொல். 'கருப்பூரம் நாறுமோ' என்று ஆண்டாள் கேட்பதை இன்றைய காதோடு கேட்டால் என்ன ஆகும்? அந்த வம்புதான்.

தாந்தேயின் 'வீத்தா நுவோவா'வில் ஒரு புகழ்பெற்ற சொனெட் இப்படித் தொடங்கும்:

"தாந்தோ ஜென்டீலே எ தாந்தோ ஒனெஸ்தா பாரே
லா தொன்னா மீயா, க்வாந்தெல்லா அல்த்ரூயி சலூத்தா,
கோஞ்ஞே லிங்வா தெவென் த்ரெமாந்தோ மூத்தா,
எ லி ஒக்கி நோ லார்தீஸ்கொன் தி க்வார்தாரே."

இன்றைய இத்தாலியர்கூட முதல் வரியை அகராதி இல்லாமல் படித்துவிடுவார்: 'அவ்வளவு கனிவானவளாக, அவ்வளவு நேர்மையானவளாகத் தோன்றுகிறாள்.' மூன்று முக்கியச் சொற்களும் தப்பு. இதை 1947இல் ஜான்ஃப்ராங்கோ கொன்தீனி என்ற அறிஞர் ஒரு கட்டுரையில் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார். தாந்தே காலத்து 'ஜென்டீலே' உள்ளத்து உயர்வைக் குறிப்பது. 'ஒனெஸ்தா' வெளியே தெரியும் கண்ணியம், நடையிலும் பார்வையிலும் இருப்பது. 'பாரே' என்பது 'போலத் தெரிகிறது' என்ற ஐயம் அல்ல, கண்முன் வெளிப்படுவது. நான்காவதாக அடுத்த வரியின் 'தொன்னா'. அது வெறும் பெண் இல்லை, தலைவி.

'அல்த்ரூயி'யும் பொறிதான். இன்று அது 'பிறருடைய', இங்கே 'பிறரை'. இதே கவிதையின் கடைசியில் 'லாப்பியா' என்று ஒரு சொல் வரும். உதடு என்று எழுதக் கை துடிக்கும், ஆனால் அதன் பொருள் முகம்.

வரிசையைப் பாருங்கள். பயனிலையும் 'பாரே'யும் முதலில், எழுவாய் இரண்டாம் வரியில். மூன்றாம் வரியில் 'தெவென்... மூத்தா' ஒரு ஜோடி, நடுவில் 'நடுங்கியபடி' நுழைந்திருக்கிறது. நான்காம் வரியின் 'ல்' துணிவதோடு ஒட்டியிருந்தாலும் பொருளில் பார்ப்பதற்கு உரியது. கொண்டுகூட்டினால்: என் தலைவி பிறரை வணங்கும்போது அத்தனை உயர்வும் கண்ணியமும் உடையவளாக வெளிப்படுகிறாள், நாவெல்லாம் நடுங்கி ஊமையாகின்றன, கண்கள் அவளைப் பார்க்கத் துணிவதில்லை.

இதைத் தற்கால இத்தாலியத்தில் எழுதும்போது 'ஜென்டீலே'க்கு 'நோபிலே', 'ஒனெஸ்தா'வுக்கு 'திஞ்ஞித்தோசா', 'பாரே'க்கு 'சி மோஸ்த்ரா' என்று போடலாம். 'தொன்னா'தான் படுத்தும். 'லா மீயா சிஞ்ஞோரா' என்று எழுதினால் இன்றைய இத்தாலியர் காதில் 'என் வீட்டுக்காரம்மா' என்று விழும். இந்தக் கவிதையின் தலைவி பெயத்ரீச்சே, தாந்தேயின் மனைவியும் அல்ல. கொன்தீனி 'எனக்குத் தலைவியாக இருப்பவள்' என்று சுற்றிவளைத்து அதைத் தாண்டினார். நானும் அதையே செய்வேன், நீளமானாலும் பரவாயில்லை.

ஆங்கிலத்தில் 1861இல் ரொசெட்டி செய்த மொழிபெயர்ப்பு எதுகையோடு ஓடும். ஆனால் 'மை லேடி லுக்ஸ் சோ ஜென்டில் அண்ட் சோ ப்யூர்' என்று தொடங்குகிறார். 'லுக்ஸ்' என்றதில் வெளிப்படுதல் போய்விட்டது, 'ஜென்டில்' ஒலியில் நெருங்கிப் பொருளில் விலகிவிட்டது. நான் எதுகையை விட்டுவிடுவேன். வரிசையில் மட்டும் ஒன்றைக் காப்பாற்றப் பார்ப்பேன்: 'சோ நோபிள், சோ டிக்னிஃபைட் அப்பியர்ஸ் மை லேடி'. முதலில் உயர்வு, கண்ணியம், வெளிப்படுதல், கடைசியில்தான் அவள். மூலத்தில் வரி முறியும் இடத்தில் 'பாரே' நிற்க, அடுத்த வரியின் தலையில் அவள் வந்து சேர்கிறாள். ஆங்கிலம் இந்தத் தலைகீழை இந்த ஒரு வரியில் தாங்கும். மூன்றாம் வரியிலும் செய்தால் பழைய பிரசங்கம் போலாகிவிடும், அங்கே நேர் வரிசைக்கு வந்துவிடுங்கள்.